சொல் வேறாயினும் பொருள் ஒன்றே: கருத்துணர்தல் விடைகளை மதிப்பிடும் முறை

கருத்துணர்தல் பகுதியில் மாணவர் எழுதும் விடை, விடைப்பட்டியில் உள்ள வாக்கியத்தைப் போன்றே அமைய வேண்டுமா என்று பெற்றோர் பலர் வினவுகின்றனர். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அதன்பின் வகுப்பாசிரியரின் மதிப்பீடு மேலும் கவனிக்கத்தக்கதாயிற்று. ஆகவே, அம்மதிப்பீடு எவ்வாறு நடைபெற வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். கீழ்க்காணும் பத்தியை முதலில் படியுங்கள்.

"1881ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் பெருந்தீ மூண்டது. மரச்சுவரும் அத்தாப்புக் கூரையும் கொண்ட வீடுகளில் தீ விரைந்து பரவியது. அதன்பின், கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் எழுப்புமாறு பிராங்க் சுவெட்டன்ஹாம் பணித்தார். அதனால் செங்கல் தேவை பெருகிற்று. செங்கற் சூளைகள் அமைந்த இடம் பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது."

கேள்வி: கட்டடங்களைச் செங்கல்லால் எழுப்புமாறு பணித்தது ஏன்? (2 புள்ளி)

விடைப்பட்டி கூறும் விடை: மரமும் அத்தாப்பும் கொண்ட வீடுகளில் தீ விரைந்து பரவியதால்.

திருத்தத் தொடங்குமுன் ஆசிரியர் இவ்விடையைக் கருத்துக்கூறுகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். பழைய வீடுகள் மரமும் அத்தாப்பும் கொண்டவை என்பது ஒரு கூறு. அவற்றில் தீ விரைந்து பரவியது என்பது மற்றொரு கூறு. ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளி. இனி விடைத்தாளில் தேடவேண்டியவை இவ்விரு கூறுகளே. விடைப்பட்டியின் சொற்கள் அல்ல.

ஒரு மாணவர், "பலகை வீடும் அத்தாப்புக் கூரையும் சீக்கிரம் எரிஞ்சி போச்சி" என்று எழுதுகிறார் எனக் கொள்வோம். மரச்சுவர் வீட்டைத் தோட்டத்து மக்கள் பலகை வீடு என்றே வழங்குவர். சீக்கிரம் எரிந்ததென்றால் தீ விரைந்து பரவிற்று என்பதே பொருள். இரு கூறுகளும் உள்ளமையால் 2 புள்ளியும் உரியது. பேச்சுவழக்கைக் கண்டு புள்ளியைக் குறைத்தல் தகாது; "எரிந்துபோயின" என்னும் எழுத்து வழக்கை அருகில் எழுதிக் காட்டினால் போதும். அவர் ரகரத்துக்கு மாற்றாக றகரமிட்டு "எறிஞ்சி" என்று எழுதியிருப்பினும், இவ்விடத்தில் எரிதலையே குறித்தார் என்பது தெளிவு. அப்பிழையையும் திருத்த வேண்டும். ஆனால் கருத்துக்குரிய புள்ளியைப் பறித்தலாகாது.

மற்றொருவர், "மரமும் அத்தாப்பும் கொண்ட வீடுகளில் தீ விரைந்து பரவாததால்" என்று எழுதுகிறார். விடைப்பட்டியோடு ஒப்பிட்டால் இறுதிச் சொல் ஒன்றே வேறு. எனினும் "பரவியதால்" என்பது "பரவாததால்" ஆனவுடன் காரணம் தலைகீழாகிவிட்டது. இதற்குப் புள்ளி இல்லை. தமிழில் எதிர்மறையும் வேற்றுமை உருபும் சொல்லின் இறுதியிலேயே பெரும்பாலும் நிற்பதால், விரைந்து திருத்தும் கண் இத்தகைய பிழையை எளிதில் தவறவிடும்.

மூன்றாமவர், "செங்கல் தேவை பெருகியதால்" என்கிறார். சொற்கள் யாவும் பத்தியில் உள்ளவையே. ஆனால் தேவை பெருகியது ஆணையின் விளைவு, காரணமன்று. நான்காமவர், "செங்கல் வீடு நெடுநாள் உழைக்கும்" என்கிறார். அது உலகியலில் உண்மையாயினும் பத்தி அதனைக் கூறவில்லை. இவ்விரண்டுக்கும் புள்ளி இல்லை. ஐந்தாமவர், "பழைய வீடுகளில் தீ வேகமாகப் பரவியதால்" என்கிறார். வீடுகள் எவற்றால் ஆனவை என்பது விடுபட்டமையால் 1 புள்ளி பெறுவார்.

ஐயம் எழுந்தால் இருபுறமும் கேட்டுப் பாருங்கள். மாணவர் கூறியது உண்மையானால் விடைப்பட்டி கூறுவதும் உண்மையாகுமா? விடைப்பட்டி கூறுவது உண்மையானால் மாணவர் கூறியதும் உண்மையாகுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் பொருள் ஒன்றே. ஐந்தாம் விடையில் இரண்டாவது வினாவுக்கே ஆம் எனலாம். ஆதலின் அது நிறைவான விடையன்று.

இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. பத்தியிலுள்ள சொல்லை எடுத்தெழுதுமாறோ, மரபுத்தொடரை நிறைவு செய்யுமாறோ கேட்டால் அங்குச் சொல்லே விடை. வேறு சொல் ஏற்புடையதன்று.

விடைப்பட்டியில் இல்லாத சரியான விடை ஒன்று கிடைத்தால், அதனை அப்போதே பட்டியில் குறித்துக்கொள்ளல் வேண்டும். முன்னர்த் திருத்திய தாள்களையும் மீண்டும் நோக்க வேண்டும். இன்றேல், ஒரே விடைக்கு ஒருவர் 2 புள்ளியும் மற்றவர் சுழியமும் பெறுவர்.

பெற்றோர்களே, பிள்ளையின் தாளில் சிவப்புக் கோட்டைக் கண்டால், பத்தியின் எந்த வரியிலிருந்து அவ்விடை வந்தது என்று பிள்ளையைக் காட்டச் சொல்லுங்கள். வரியைக் காட்டி, அது கேள்விக்கு எவ்வாறு விடையாகும் எனவும் சொல்லிவிட்டால், தாளோடு ஆசிரியரைக் காணுங்கள். வரியைக் காட்ட இயலாவிடின், பத்தியை இருவருமாக மீண்டும் படியுங்கள்.