பக்கத்து வீட்டு மில்: அத்துமீறலா, தொல்லையா?



கே.கே. நகரில் நாம் கூடியபோது ஒரு உறுப்பினர் கேட்டார்: "பக்கத்து வீட்டுல மிளகாய் அரைக்கிற மில் போட்டிருக்காங்க. நெடியில பிள்ளைங்க இருமிக்கிட்டே இருக்கு. கேட்டா, 'எங்க இடத்துலதானே ஓட்டுறோம்'னு சொல்றாங்க." உடனே இன்னொருவர், "நானும் குழுக் கடன்லதான் மில் வச்சிருக்கேன். அப்ப மூடணுமா?" என்றார். இருவருக்கும் சேர்த்தே பதில் சொல்வோம்.

முதலில், சட்டம் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பார்க்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் நம் இடத்தில் அரை அடி தள்ளிச் சுவர் வைத்தாலோ, நம் வாசலில் குப்பையைக் கொட்டினாலோ அது அத்துமீறல். நஷ்டம் எதுவும் ஆகாவிட்டாலும் கேஸ் போடலாம். இடம் நம்முடையது, நம் சம்மதம் இல்லை என்று காட்டினால் போதும். ஆனால் அவர் தன் இடத்திலேயே இருந்து செய்யும் வேலையின் புகை, தூசி, சத்தம், நெடி நம் வீட்டுக்குள் வந்தால் அது தொல்லை. இதில் நமக்கு உண்மையிலேயே பாதிப்பு இருக்கிறது என்று நாம்தான் காட்ட வேண்டும்.

உத்தரப் பிரதேசத்தில் ஒரு டாக்டர் நோயாளிகளைப் பார்க்கும் அறை கட்டியிருந்தார். பிறகு அருகில் ஒருவர் செங்கல்லைப் பொடியாக்கும் மிஷின் வைத்தார். பொடி பறந்து அறைக்குள் வந்தது. வந்தவர்களின் துணியில் சிவப்பாகப் படிந்தது. கீழ்க்கோர்ட்டில் டாக்டருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வரவில்லை. அலகாபாத் உயர் நீதிமன்றம் மிஷினை ஓட்டத் தடை போட்டது. இது 1982-ல் தீர்ப்புத் தொகுப்பில் வந்தது. சாதாரண மனிதருக்கு அந்தத் தூசி உடல் சிரமம் தருமா என்றுதான் நீதிமன்றம் பார்த்தது. சின்ன விஷயத்தையும் தாங்க முடியாத ஒருவரை அளவுகோலாக வைக்கவில்லை.

அதனால் நீதிமன்றம் இப்படித்தான் எடைபோடும்: அது குடியிருப்புத் தெருவா, கடைத்தெருவா? பகலிலா, தூங்கும் நேரத்திலா? என்றோ ஒரு நாளா, தினமுமா? சுலபமாகக் குறைக்க வழியிருந்தும் செய்யாமல் விட்டார்களா? பண்டிகைக்கு இரண்டு நாள் பலகாரம் சுடும் புகையைப் பக்கத்து வீட்டார் பொறுத்துத்தான் போக வேண்டும். தினமும் ராத்திரி ஓடும் மில்லைப் பொறுக்க வேண்டியதில்லை.

ஆகவே மில் வைத்திருக்கும் சகோதரி மூட வேண்டியதில்லை. அரைக்கும் பக்கத்து ஜன்னலை அடைத்து, பகலில் மட்டும் ஓட்டி, பொடி வெளியே போகாமல் துணிப்பை கட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும். லைசென்ஸ் இருப்பதால் மட்டும் தொல்லை கொடுக்கும் உரிமை வந்துவிடாது.

பாதிக்கப்பட்டவர் என்றைக்கு, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை நெடி வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். டாக்டர் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். அக்கம்பக்கத்தில் வேறு யாருக்குச் சிரமம் என்று கேளுங்கள். முதலில் நேரில் பேசுங்கள். பேசியும் தீராவிட்டால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உதவி உண்டு என்று 1987-ம் வருடச் சட்டம் சொல்கிறது.