7 நாள் சராசரி யாருடைய காத்திருப்பு?

கேள்வி: தண்ணீர் சுத்திகரிக்கும் கருவிகளுக்கு சர்வீஸ் செய்யும் நிறுவனம் ஒன்றில் மாதாந்திர ரிப்போர்ட் தயாரிப்பது என் வேலை. ஜனவரியில் கிழக்குக் கிளைக்கு வந்த 11 புகார்களை முடிக்க ஆன நாட்கள் இவை: 1, 1, 2, 2, 2, 3, 3, 4, 5, 8, 46. சராசரி 7 நாள் வருகிறது. உதிரி பாகம் கிடைக்காமல் இழுத்துப்போன அந்த 46 நாள் புகாரை எடுத்துவிட்டுச் சராசரி போடச் சொல்கிறார் மேலாளர். அப்படிச் செய்யலாமா? மீடியன், பெர்சன்டைல் என்று சொல்கிறார்களே, அவற்றை எக்செல்லில் எப்படிப் போடுவது?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: நீக்கக் கூடாது. அந்த 46 நாளும் ஒரு வீட்டில் சுத்தமான தண்ணீர் இல்லாமல் கழிந்த நாட்கள். அதை எடுத்துவிட்டால் சராசரி 3.1 ஆகிவிடும், உண்மைதான். ஆனால் நிறுவனம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே புகார் ரிப்போர்ட்டிலிருந்து காணாமல் போய்விடும். மேலாளரின் மனக்குறையில் நியாயம் இருக்கிறது. உங்கள் 11 புகார்களில் 9 புகார்கள் ஐந்து நாளுக்குள் முடிந்திருக்கின்றன. சரியாக 7 நாளில் முடிந்த புகார் ஒன்றுகூட இல்லை. அதனால் 7 என்ற எண் யாருடைய காத்திருப்பையும் சொல்லவில்லை. கோளாறு கணக்கில் சேர்த்த புகாரில் இல்லை, கேட்ட கேள்விக்குப் பொருந்தாத கணக்கைப் போட்டதில் இருக்கிறது. மொத்த நாட்களை எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு எவ்வளவு என்பதைத்தான் சராசரி சொல்லும். காத்திருப்பை அப்படிப் பங்கிட முடியாது, ஒருவர் காத்திருந்த 46 நாளை மற்றவர்கள் சுமக்கவில்லை. நாட்களை ஏறுவரிசையில் அடுக்கினால் நடுவில் நிற்பது ஆறாவது எண், அதாவது 3. அதுதான் மீடியன். பாதிப் பேருக்கு 3 நாளிலோ அதற்கு முன்போ வேலை முடிந்திருக்கிறது.

மீடியனும் அந்த 46-ஐ மறைக்கத்தானே செய்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், மறைக்கிறது. 46-க்குப் பதில் 460 இருந்தாலும் மீடியன் 3-தான். அதனால் மீடியனை மட்டும் போட்டு அனுப்பும் ரிப்போர்ட், புகாரை நீக்கிவிட்டு அனுப்புவதைவிட அதிகம் நேர்மையானது என்று நான் சொல்லமாட்டேன். கூடவே 90-வது பெர்சன்டைலையும், மிக அதிக நாள் எடுத்த புகாரையும் சேர்த்துப் போடுங்கள். உங்கள் கணக்கில் 90-வது பெர்சன்டைல் 8 நாள். ரிப்போர்ட்டில் இப்படி எழுதலாம்: பாதிப் புகார்கள் 3 நாளுக்குள் முடிந்தன, பத்தில் ஒன்பது 8 நாளுக்குள் முடிந்தன, ஒன்று மட்டும் உதிரி பாகத்துக்காக 46 நாள் காத்திருந்தது. பெர்சன்டைல் என்றால் என்னவென்று தெரியாதவருக்கும் இது புரியும்.

எக்செல்லில் கணக்கு எளிது. B பத்தியில் புகார் வந்த தேதி, C-யில் கிளை, D-யில் முடிந்த தேதி, E-யில் நாட்கள் என்று வைத்துக்கொண்டால் கிழக்குக் கிளைக்கு இந்த இரண்டு சூத்திரம் போதும். (FILTER பழைய எக்செல்லில் இருக்காது, 2021 அல்லது அதற்குப் பிந்தையது, இல்லையேல் 365 வேண்டும்.)

```
=MEDIAN(FILTER(E2:E500,C2:C500="கிழக்கு"))
=PERCENTILE.INC(FILTER(E2:E500,C2:C500="கிழக்கு"),0.9)
```

அதே எக்செல்லில் PERCENTILE.EXC என்றும் ஒன்று உண்டு. உங்கள் 11 எண்களுக்கு அது 8 அல்ல, 38.4 தரும். இரண்டுமே பிழையில்லை. INC பத்தாவது எண்ணில் போய் நிற்கிறது. EXC பத்தாவதுக்கும் பதினொன்றாவதுக்கும் நடுவே, 8-க்கும் 46-க்கும் இடைப்பட்ட தூரத்தில் எண்பது சதவீதம் தள்ளி நிற்கிறது. ஆயிரம் புகார்கள் இருந்தால் இந்த இடைவெளி பெரும்பாலும் கண்ணில் படாது, பதினொன்றில் பூதாகாரமாகத் தெரிகிறது. ஆகவே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எது என்று ரிப்போர்ட்டின் அடியில் குறித்துவிட்டு, மாதாமாதம் அதையே போடுங்கள். ஒரு மாதம் INC, மறுமாதம் EXC என்று போனால், களத்தில் எதுவும் மாறாமலேயே கிளை மோசமாகிவிட்டதுபோலத் தோன்றும்.

இதைவிட முக்கியமானது, இன்னும் முடியாத புகார்களை என்ன செய்வது என்பது. அந்த 46 நாள் புகார் ஜனவரி கடைசியில் வந்தது என்று வைத்துக்கொள்வோம். பிப்ரவரி முடிவில் ரிப்போர்ட் எடுத்தால் அதற்கு முடிந்த தேதியே இருக்காது. D கட்டம் காலியாக இருக்கும்போது `=D2-B2` என்று போட்டால் மைனஸ் 45,000-க்கு மேல் ஓர் எண் வரும். அதைப் பார்த்துப் பதறி, முடிந்தவற்றை மட்டும் வடிகட்டி எடுப்பதுதான் பலரும் செய்வது. அப்போது சராசரி 3.1 என்று வரும். மேலாளர் நீக்கச் சொன்ன புகாரை யாரும் சொல்லாமலேயே நீக்கியாயிற்று. மீடியனும் 2.5 ஆகக் குறைந்துவிடும். இழுத்துக்கொண்டே போகும் புகார்தான் இந்த வடிகட்டலில் எப்போதும் விழுகிறது, அதனால் கிளை எவ்வளவு தாமதிக்கிறதோ அவ்வளவு நன்றாக இருப்பதுபோலத் தெரியும். இங்கேதான் சராசரியால் முடியாத ஒன்று மீடியனால் முடிகிறது. முடியாத புகாருக்கு இறுதியில் எத்தனை நாள் ஆகும் என்று தெரியாவிட்டாலும், அது வரிசையின் கடைசியில் நிற்கும் என்பது தெரியும். மீடியனுக்கு அந்த இடம் மட்டும் போதும். எனவே E பத்தியில் இப்படிப் போடுங்கள்:

```
=IF(D2="",999,D2-B2)
```

இப்போது மீடியன் 3, 90-வது பெர்சன்டைல் 8. புகார் முடிந்த பிறகு என்ன விடை வருமோ அதேதான் முன்கூட்டியே கிடைக்கிறது. இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. அந்த மாதத்தில் முடிந்த புகார்களை எடுக்காமல், அந்த மாதத்தில் வந்த புகார்களை எடுக்க வேண்டும். நேற்று வந்த புகாருக்கும் 999 போட்டால் அது அநியாயம் ஆகையால், மாதம் முடிந்து சில வாரம் கழித்துக் கணக்கெடுக்க வேண்டும். ஒரு வேளை விடையே நூற்றுக்கணக்கில் வந்தால், அதில் 999 கலந்துவிட்டது என்று பொருள். அந்த இடத்தில் எண் போடாமல் ‘இன்னும் முடியவில்லை’ என்று எழுதுங்கள். மறந்தும் இந்தப் பத்திக்குச் சராசரி போட்டுவிடாதீர்கள்.

அப்படியானால் சராசரியே வேண்டாமா என்றால், வேண்டும். அடுத்த மாதம் எத்தனை ஆள், எவ்வளவு செலவு என்று கணக்கிட, ஒரு புகாருக்கு ஆகும் சராசரி வேலை நேரத்தைப் புகார்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் மொத்தம் வரும். மீடியனைப் பெருக்கினால் எதுவும் வராது. இதே காரணத்தால் கிளைகளின் மீடியன்களைக் கூட்டி வகுத்து நிறுவனத்தின் மீடியன் என்று போடவும் கூடாது. மேற்குக் கிளைக்கு 9, 10, 14 நாள் எடுத்த மூன்றே புகார்கள் வந்தன என்று வையுங்கள். அதன் மீடியன் 10. கிழக்கின் 3-ஐயும் அதையும் சராசரி எடுத்தால் 6.5 வரும். 14 புகார்களையும் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால் நடுவில் நிற்பவை 3-ம் 4-ம், உண்மையான மீடியன் 3.5. பெர்சன்டைலுக்கும் இதே விதிதான், ஒவ்வொரு முறையும் மூல வரிசைகளுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். ஆகவே கிளைகளிடமிருந்து முடிந்த எண்ணை மட்டும் வாங்காமல், புகார் வாரியாகத் தேதிகளைக் கேட்டு வாங்குங்கள். மூன்றே புகார் வந்த கிளைக்கு 90-வது பெர்சன்டைல் போடுவதில் பொருளில்லை. 9, 10, 14 என்று மூன்றையும் அப்படியே அச்சிட்டுவிடலாம்.