இருபது நிமிடத்தில் பேச்சுக்குச் சரக்கு

நிர்வாகிக்குப் பேச்சு எழுதித் தருபவருக்கு அவரோடு பேச வாய்ப்பது பெரும்பாலும் இருபது நிமிடம்தான். படிப்பு, பதவி, ஆண்டு விவரங்களை உதவியாளரிடம் முன்பே வாங்கிவிட்டால், அந்த நேரம் கதைகளுக்கு மிஞ்சும்.

எடுத்துக்காட்டாக, நாகர்கோவில் அருகே சரக்கல்விளையில் பிறந்த இஸ்ரோ முன்னாள் தலைவர் கே.சிவனின் தன்விவரத்தில், 1980இல் எம்.ஐ.டி.யில் பட்டம் என்றிருக்கும். அங்கே சேரும்வரை வேட்டிதான் கட்டினார், கல்லூரிக் காலத்தில்தான் முதன்முதலாகச் செருப்பு போட்டார் என்பது பேட்டியில் அவரே சொன்னது. மேடைக்கு வேண்டியது இந்த இரண்டாவது வகைச் சரக்கு.

“உங்கள் வெற்றியின் ரகசியம்?” என்றால் பழகிய பதிலே வரும். “கல்லூரியில் முதல் நாள் என்ன உடுத்தியிருந்தீர்கள், யார் கூட வந்தார்கள்?” என்று கேட்டால் ஆள் நிமிர்ந்து உட்கார்வார். அனுமதியோடு ஒலிப்பதிவு செய்துகொண்டு, குறுக்கிடாமல் பேசவிடலாம்.

ஆண்டையும் ஊர்ப்பெயரையும் மட்டும் பிற்பாடு உதவியாளரிடம் சரிபார்த்துக்கொள்வது நல்லது.