ஜன்னல் கண்ணாடிப் பட்டி ஏன் உதிர்கிறது?

கேள்வி: குன்னூரில் எங்கள் பழைய வீட்டு மர ஜன்னல்களில் இரண்டு கண்ணாடிகள் உடைந்துபோய், போன வருடம் மாற்றினோம். கண்ணாடியைக் காடியில் வைத்து, சின்ன ஆணி அடித்து, வெளிப்பக்கம் பட்டி பூசினார்கள். ஒரே மழைக்காலத்தில் பட்டி வெடித்துத் துண்டு துண்டாக விழுகிறது. கண்ணாடியும் காற்றில் கடகடக்கிறது. மற்ற ஜன்னல்களில் என் தாத்தா காலத்துப் பட்டி இன்னும் கல்லாக நிற்கிறதே, எப்படி?
– ஒரு வாசகி, குன்னூர்

பதில்: முதலில், பூசியது எந்தப் பட்டி என்று விசாரியுங்கள். கடையில் ‘பட்டி’ என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் சுவருக்குப் பூசும் வெள்ளைப் பொடியைத்தான் தருவார்கள். அது தண்ணீரில் குழைப்பது. மரம் மழையில் ஊதி வெயிலில் சுருங்கும்போது அதனால் கூடவே வளைந்துகொடுக்க முடியாது, அதனால் வெடித்துவிடும். கண்ணாடிக்கு வேண்டியது ஆளிவிதை எண்ணெயில் (கடையில் லின்சீட் ஆயில்) பிசைந்த சாக் பவுடர். ஒரு கிலோ பவுடருக்கு ஏறக்குறைய 200 கிராம் எண்ணெய் பிடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கையில் ஒட்டாத சப்பாத்தி மாவுப் பதம் வரும்வரை பிசைய வேண்டும்.

சரியான பட்டியே பூசியிருந்தாலும், காடியின் மரம் வறண்டிருந்தால் அது உதிரும். வெறும் மரம் பட்டியிலுள்ள எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். மிஞ்சுவது பிடிப்பில்லாத பொடிதான். விழுந்த துண்டு ஒன்றை விரலால் நசுக்கிப் பாருங்கள். மாவாக உதிர்ந்து, காடியில் பெயிண்ட் பூச்சே இல்லாத மரம் தெரிந்தால் காரணம் இதுதான். பழைய பட்டியை முழுக்கச் சுரண்டி, காடிக்கு எண்ணெய் பிரைமர் ஒரு கோட் அடித்துக் காயவிட்ட பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். கதவைக் கீலிலிருந்து கழற்றி மேசைமேல் படுக்கவைத்துச் செய்வது நல்லது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் அந்த இடத்தை நனைத்துக்கொண்டு சுரண்டுங்கள்.

கடகடப்புக்குக் காரணம் வேறு. கண்ணாடிக்குப் பின்னால் பட்டி இல்லை. வெளியே பூசும் சரிவை எல்லோரும் பார்க்கிறார்கள், அடியில் போடும் படுக்கையை விட்டுவிடுகிறார்கள். மரத்தின் மேடுபள்ளத்தில் நேராக உட்கார்ந்த கண்ணாடி இரண்டு மூன்று இடங்களில் மட்டுமே தாங்கப்படுகிறது. காற்று அதை ஆட்டுகிறது, இடுக்கில் தண்ணீர் ஏறிக் கீழ்ச்சட்டத்தை அழுகவைக்கிறது.

ஓர் அளவை வைத்துச் சொல்கிறேன். காடி 300 × 450 மி.மீ. என்றால் கண்ணாடியை 297 × 447 ஆக வெட்டச் சொல்லுங்கள். பழைய சட்டங்கள் கோணலாக இருக்கும் என்பதால் ஒவ்வொரு பக்கமும் மூன்று இடங்களில் அளந்து, கிடைப்பதில் சிறியதைக் கணக்கில் எடுங்கள். காடி முழுவதும் 3 மி.மீ. கனத்துக்குப் பட்டியை அப்பி, அதன்மேல் கண்ணாடியை வைத்து ஓரங்களில் மட்டும் அழுத்துங்கள். நடுவில் கை வைத்தால் உடையும். உள்பக்கம் பட்டி வரிசையாகப் பிதுங்கி வர வேண்டும். பிதுங்காத இடத்தில் படுக்கை நிரம்பவில்லை என்று பொருள்.

அடுத்தது ஆணி. வெளிநாடுகளில் இதற்கென்று சிறிய முக்கோணத் தகடுகள் உண்டு. நம் தச்சர்கள் தலையில்லாத சின்ன ஆணியையே அடிக்கிறார்கள், அதுவும் போதும். உங்கள் கண்ணாடிக்கு நீண்ட பக்கங்களில் மும்மூன்று, குறுகிய பக்கங்களில் இரண்டிரண்டு, ஆகப் பத்து. உளியைப் பக்கவாட்டில் கண்ணாடிமேல் படுக்கவைத்து, தூக்காமல் வழுக்கியபடியே தட்ட வேண்டும். ஆணி கண்ணாடியை ஒட்டிப் படுத்திருக்கலாம், அழுத்தக் கூடாது. ஓரத்தில் ஆணி இருக்கும் இடத்திலிருந்தே விரிசல் கிளம்பியிருந்தால், அங்கே அழுத்தம் விழுந்திருக்கிறது.

பிறகுதான் வெளிச்சரிவு. பட்டியை அப்பி, கத்தியைச் சாய்த்து ஒரே இழுப்பாக இழுங்கள். ஆணிகள் முழுக்க மறைய வேண்டும். சரிவின் மேல்விளிம்பு, உள்ளிருந்து பார்க்கும்போது தெரியும் மரச்சட்டத்தின் விளிம்பைவிட 2 மி.மீ. தாழ்ந்து நிற்கட்டும், பெயிண்டுக்கு அந்த இடம் வேண்டும். கண்ணாடியில் படிந்த எண்ணெய்க் கறைமேல் சாக் பவுடரைத் தூவி மென்மையான பிரஷால் துடைத்தால் போய்விடும். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயவையுங்கள்.

இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகும். உங்கள் ஊர் ஈரத்தில் மூன்று வாரம்கூட ஆகலாம். அதுவரை கதவை மழை படாத இடத்தில் வையுங்கள். விரல் பதியாத தோல் கட்டியதும் எண்ணெய் பெயிண்ட் அடியுங்கள், பட்டியைத் தாண்டிக் கண்ணாடிமேலும் 2 மி.மீ. ஏறும்படி. பட்டிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் தண்ணீர் நுழையாமல் தடுப்பது அந்த மெல்லிய கோடுதான். உங்கள் தாத்தா காலத்து ஜன்னலில் அந்தக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். பிரஷ் பிசகியது என்று நினைத்து அதை யாரும் பிளேடால் சுரண்டி எடுத்துவிட வேண்டாம்.