பாலைநிலம் எந்த அடிக்கு உரியது?

எபிரேயக் கவிதையை அடியடியாகத் தமிழாக்குவோர் காற்புள்ளியைத் தொடுமுன் இணையடிகளைப் பிரித்தெழுதிப் பார்க்க வேண்டும். ஒரு கருத்தை முதலடி சொல்ல, இரண்டாமடி அதற்கு இணையான சொற்களால் அதைத் தாங்கியோ கூர்மையாக்கியோ நிற்பதே அக்கவிதையின் அடிப்படை நடை. ராபர்ட் லோத் 1753-இல் இதை விளக்கி நூல் வெளியிட்டார்.

ஏசாயா 40:3-ஐ எடுத்துக்கொள்வோம். ஒரு குரல் கூப்பிடுகிறது, பாலைநிலம் வருகிறது, வழியமைக்கும் கட்டளை வருகிறது. பாலைநிலம் குரல் எழும் இடமா, வழி அமையும் இடமா? பழைய எபிரேய மூலத்தில் நிறுத்தக்குறி எதுவும் இல்லை.

விடை அடுத்த அடியில் இருக்கிறது. அதில் நான்கு உறுப்புகள்: ஏவல் வினை, இடம், சாலை, அது யாருக்கு என்பது. அங்கே இடம் வறண்ட வெளி. முதலடியிலும் இந்த நான்குக்கும் இணை வேண்டுமானால், பாலைநிலத்தைக் கட்டளையோடு சேர்த்தாக வேண்டும். குரலோடு சேர்த்தால் வறண்ட வெளி துணையின்றி நின்றுவிடும். பல நூற்றாண்டுகள் கழித்து மசோரா அறிஞர்கள் இட்ட ஓசைக்குறிகளும் 'கூப்பிடுகிற' என்னும் சொல்லிலேயே ஒரு நிறுத்தம் வைக்கின்றன. அவை மூலத்தின் பகுதியல்ல, பழைய வாசிப்பு மரபின் சாட்சி. இங்கே இணையடியும் அவையும் ஒத்துப்போவதால், முக்காற்புள்ளியைக் குரலுக்குப் பின் துணிந்து இடலாம்.

அடுத்த சிக்கல் தமிழுக்கே உரியது. இரண்டு ஏவல் வினைகள் வரும்போது முன்னதை 'அமைத்து' என்று எச்சமாக்கி ஓட்டிவிட நம் கை தானாகவே போகும். அப்படிச் செய்தால் ஒரு வேலை முடிந்து மறுவேலை தொடங்குவதாகிவிடும். இங்கே இரண்டும் ஒரே வேலை. மூலத்தில் இவ்விரு அடிகளுக்கிடையே 'உம்' பொருள்தரும் இணைப்பெழுத்துகூட இல்லை. ஆகவே இரண்டையும் முழு ஏவலாகவே விட்டு, நடுவே அரைப்புள்ளி இடுங்கள். 'மேலும்' சேர்க்க வேண்டாம். 'என்று' போட்டு முடித்தால் குரல் கடைசிக்குப் போய், கேட்பவர் கட்டளை யாருடையது என்று தெரியாமல் காத்திருக்க நேரும். குரலைத் தனியடியாக முன்னே வையுங்கள்.

ஒன்றை இழக்கத்தான் வேண்டும். மூலத்தில் முதலடி இடத்தில் தொடங்கி வினைக்குப் போகிறது. இரண்டாமடி வினையில் தொடங்கி இடத்துக்கு வருகிறது. வினையில் முடியும் தமிழில் இந்த மாறாட்டத்தை வலிந்து காட்டினால் தொடர் முறுகும். இயல்பான ஒழுங்கிலேயே விடுவது நல்லது.

மாற்கு 1:3-ஐ இதற்கேற்பத் திருத்தாதீர்கள். கிரேக்க எழுபதின்மர் மொழிபெயர்ப்பில் இரண்டாமடியின் இடப்பெயர் இல்லை. இணை போனதால் பாலைநிலம் குரலோடு ஒட்டியது. மாற்கு தருவது அந்த வடிவமே. யோவான் பாலைநிலத்தில் பேசுவதால் அங்கே அது பொருந்தவும் செய்கிறது. இரு இடங்களையும் அதனதன் மூலப்படி விட்டு, வேறுபாட்டை அடிக்குறிப்பில் சொல்லுங்கள்.