அரிசியும் பருப்பும்

காளிகாட்டு வீடுகளில் மழைக்காலத்தில் சமைக்கப்படும் கிச்சுரியும் நம் வெண்பொங்கலும் அரிசியும் பாசிப்பருப்பும் சேர்ந்த உணவுகளே.

புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றுள் ஒன்பதனை உணவிலிருந்தே பெறவேண்டும். அவ்வொன்பதில் ஒன்று லைசின். பெரியவர் உண்ணும் ஒவ்வொரு கிராம் புரதத்திலும் அது 45 மில்லிகிராம் இருத்தல் வேண்டும். அரிசிப் புரதத்தில் ஏறத்தாழ 36, பருப்புப் புரதத்தில் ஏறத்தாழ 70 மில்லிகிராம் உள்ளது. பருப்பில் குறையும் மெத்தியோனினை அரிசி ஈடுசெய்கிறது.

100 கிராம் அரிசியில் 7 கிராமும், 25 கிராம் பருப்பில் 6 கிராமும் புரதம் உண்டு.

அரிசியின் லைசின்: 7 × 36 = 252
பருப்பின் லைசின்: 6 × 70 = 420
மொத்தம்: 672

672ஐ 13ஆல் வகுத்தால் ஏறத்தாழ 52 வரும். குறை நீங்கியது.

பயிற்சி: பருப்பு 5 கிராம் மட்டுமே (புரதம் 1.2 கிராம்) எனில், லைசின் போதுமா? கணக்கிட்டு எழுதுக.