கொண்டை சுருண்டால் கோடரி எடுக்காதீர்கள்

நம்பிக்கை: பப்பாளிக் கொண்டை சுருண்டிருந்தால் அது இலைச்சுருள் வைரஸ்தான். ஒரு படம் பார்த்தாலே சொல்லிவிடலாம். மரத்தை உடனே வெட்டி எரிக்க வேண்டும்.

உண்மை: இதில் முதல் வரியே தவறு. மற்ற இரண்டும் அந்தத் தவறின் மேல் கட்டியவை. தாவர நோயியல் படித்தவன் என்ற முறையில் மாதம் தவறாமல் இந்தப் பேச்சைக் கேட்கிறேன். அடி அண்ணாமலை, அதைச் சுற்றியுள்ள கொல்லைகளில் இருந்து வாட்ஸ்அப்பில் படம் வரும். கூடவே, "வெட்டச் சொல்லிட்டாங்க சார், சரிதானே?" என்ற கேள்வியும் வரும். வெட்டச் சொன்னவர் யார், எதைப் பார்த்துச் சொன்னார் என்று கேட்டால் பதில் கிடைப்பதில்லை.

பப்பாளியின் இளம் இலையைச் சுருட்ட வைரஸ் வேண்டியதே இல்லை. கண்ணுக்கு எளிதில் தெரியாத மஞ்சள் சிலந்தி அடிஇலையில் சாறு உறிஞ்சினாலும் சுருளும். பக்கத்து வயலில் அடித்த களைக்கொல்லி காற்றில் வந்து பட்டாலும் சுருளும். மாவுப்பூச்சி குருத்தில் அடைந்தாலும் சுருளும். வேறொரு வைரஸான வளையப்புள்ளி நோயிலும் இலை குறுகி நூலாகும். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் சூட்டி ஒரே தீர்ப்பு எழுதுவது வேளாண்மை அல்ல.

அசலான இலைச்சுருள் நோய் நம் மண்ணுக்குப் புதிதல்ல. சென்னை மாகாணத்தில் கண்ட இந்நோயைத் தாமஸ், கிருஷ்ணசாமி இருவரும் 1939இல் கரண்ட் சயின்ஸ் இதழில் பதிவு செய்தார்கள். இதைப் பரப்புவது வெள்ளை ஈ. இந்நோய் வந்த இலையின் ஓரம் கீழ்நோக்கியும் உள்நோக்கியும் மடங்கும். கவிழ்த்து வைத்த கிண்ணம் போல இருக்கும். நரம்பு தடித்துக் கரும்பச்சையாகும். இலை தோல் போல் கெட்டிப்பட்டு, மடக்கினால் ஒடியும். காம்பு நேராக நில்லாமல் வளைந்து நெளியும். செடி வளர்ச்சி நின்றுபோகும். பூ பிடிக்காது, பிடித்தாலும் காய் சொற்பம். இந்த அடையாளங்கள் சேர்ந்து வந்தால்தான் சந்தேகம் வலுக்கும். தடித்த நரம்பு தெரியாத படத்தை வைத்து இலைச்சுருள் என்று சொல்பவர் ஊகிக்கிறார், அவ்வளவுதான்.

ஒரு கொல்லையில் நடந்ததைச் சொல்கிறேன். ரெட் லேடி ரகம், நான்கு மாதக் கன்றுகள். வந்த படத்தில் கொண்டை இலைகளின் விரல்கள் குறுகிப் பட்டையாக இருந்தன. "வைரஸ், பிடுங்குங்கள்" என்று அந்தக் கொல்லைக்காரரின் வாட்ஸ்அப் குழுவில் தீர்ப்பு ஆகிவிட்டது. நான் அவரிடம் நான்கு படங்கள் கேட்டேன். முதலாவது, பக்கத்துச் செடிகளும் தெரியும்படி வரிசையின் முழுப்படம். இரண்டாவது, வெயில் நேராக விழாத நேரத்தில் மேலிருந்து எடுத்த கொண்டை. மூன்றாவது, ஒரு சுருண்ட இலையைத் திருப்பி அடிப்பக்க நரம்பும் காம்பும் தெரிய நெருக்கத்தில். நான்காவது, அதே செடியின் கீழ் இலைகளும் தண்டும்.

அந்த நான்கு படங்களே கதையைச் சொல்லிவிட்டன. நெல் வயலை ஒட்டிய முதல் இரண்டு வரிசையில் மட்டும் எல்லாச் செடிகளும் ஒரே மாதிரி கெட்டிருந்தன. உள்வரிசைகள் தெளிவு. கெட்ட செடிகளிலும் கீழ் இலைகள் அகலமாக, நன்றாக இருந்தன. நரம்பு தடிக்கவில்லை. இலைச்சுருள் நோய் தோட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கிப் பெருகும். ஒரே வாரத்தில், ஒரே பக்கத்தில், ஒரே வயது இலையில் இப்படி ஒன்றாக இறங்காது. "பக்கத்து வயலில் என்ன அடித்தார்கள்?" என்று கேட்டேன். களைக்குத் தெளித்தது தெரிய வந்தது. நெல்லில் அகன்ற இலைக் களைகளுக்கு அடிக்கும் டூ-ஃபோர்-டி மருந்து மிகச் சிறிதளவு பட்டாலும் பப்பாளி இப்படித்தான் ஆகும். மூன்று வாரம் கழித்து அதே செடியை எடுத்து அனுப்பச் சொன்னேன். புதுக் குருத்து அகலமாக விரிந்திருந்தது. ஒரு செடியும் போகவில்லை.

மூன்று வாரம் கழித்து எடுக்கும் படத்துக்காகக் காத்திருப்பது இதனால்தான் முக்கியம். களைக்கொல்லி அடியிலிருந்து செடி மீளும். சிலந்தியைக் கட்டுப்படுத்தினாலும் புதிய இலை தெளியும். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் வைத்து இளம் இலையின் அடியைப் பார்த்தால் சிலந்தியே தெரியும். வைரஸ் பிடித்த செடி மட்டும் மீளாது, புதிய குருத்தும் சுருண்டே வரும். அப்போதும் சந்தேகம் இருந்தால் இலையைப் பறித்து வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலோ வாழவச்சனூர் வேளாண்மைக் கல்லூரியிலோ காட்டுங்கள். உறுதி சொல்ல ஆய்வகத்தால்தான் முடியும்.

நோய் உறுதியானால் தயங்காதீர்கள். மருந்தால் அந்தச் செடி தேறாது. முதலில் வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்துங்கள், இல்லாவிட்டால் பிடுங்கும்போது அவை எழும்பிப் பக்கத்துச் செடிக்குப் போகும். பிறகு வேரோடு பிடுங்கிப் புதைத்துவிடுங்கள்.

நம்பிக்கை: காயில் வளையம் வளையமாக இருந்தால் அதுவும் இலைச்சுருள் நோய். அந்தப் பழம் விஷம்.

உண்மை: வளையம் போடுவது வளையப்புள்ளி வைரஸ். அதைப் பரப்புவது அசுவினி. அந்தச் செடியின் காம்பிலும் தண்டிலும் எண்ணெய் பட்டது போன்ற கோடுகள் இருக்கும். பழத்தில் இனிப்பு குறையும். தாவர வைரஸ் மனிதனுக்கு நோய் தராது, பழத்தில் விஷமும் இல்லை.

நம்பிக்கை: படத்தில் மஞ்சள் தெரிந்தால் பழுத்துவிட்டது.

உண்மை: நேர்வெயிலில் கேமரா பச்சையைக்கூட மஞ்சளாக்கும். வெயில் சுட்ட பக்கமும் மஞ்சளாகும். பழத்தைக் காட்ட நினைத்தால் நிழலில், ஒரு வெள்ளைத்தாளைப் பக்கத்தில் வைத்து, காம்புக்கு எதிர்முனை தெரியும்படி எடுங்கள். பழுப்பது அந்த முனையிலிருந்துதான் தொடங்கும். ஒன்றிரண்டு மஞ்சள் கீற்று ஓடியிருந்தால் பறிக்கும் பருவம். படத்தில் தெரியாத ஒன்று பால். காயை லேசாகக் கீறும்போது பால் கெட்டியாக வெள்ளையாக வந்தால் இன்னும் முற்றவில்லை. நீர்த்து வந்தால் முற்றிவிட்டது. பப்பாளியில் சர்க்கரையாக மாற மாவுச்சத்துச் சேமிப்பு இல்லை. பச்சையாகப் பறித்து வீட்டில் வைத்தால் மென்மையாகும், நிறம் மாறும், இனிப்பு கூடாது. கிரிவலப் பாதையில் நறுக்கி விற்பவர்களும் இதை நினைவில் வைத்தால் வாங்குபவருக்கு நல்லது.

கடைசியாக, நான் விடாமல் சொல்லிவரும் ஒன்று. நம் பக்கத்தில் சாலையோர நாற்றுப்பண்ணைகளில் பப்பாளிக் கன்றைத் திறந்தவெளியில், தக்காளி, மிளகாய் நாற்றுகளோடு அடுக்கி வைத்து விற்கிறார்கள். வெள்ளை ஈக்கு இதைவிட வசதி வேண்டாம். இலைச்சுருள் விதை வழி வருவதில்லை, கன்றோடு வீட்டுக்கு வருகிறது. வலைக்கூடத்தில் வளர்த்த கன்றைக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் நீங்களே நைலான் வலைக்குள் நாற்று விடுங்கள். மரத்தை வெட்டச் சொல்லும் முன்பு நான்கு படம் கேளுங்கள், மூன்று வாரம் பொறுங்கள்.